இருதய வருத்தம் இல்லாதவருக்குத் தினமும் அஸ்பிரின் தேவையா?

எங்கள் மாமிக்கு 61 வயது. புதுக்குடியிருப்புப் பக்கம் வீடும் வயலும். சீனி வருத்தம் வந்து ஒன்பது வருடமாகிறது. இருதயத்தில் இதுவரை ஒரு கோளாறும் கண்டதில்லை. ஈ.சி.ஜி. எடுத்தபோதெல்லாம் நல்லபடியாகவே இருந்தது. போன வருடம் ரொறன்ரோவில் இருக்கும் அவரின் தமையன் தொலைபேசியில் கதைத்தபோது, "எனக்கு டொக்டர் இதைத்தான் தந்தவர். உனக்கும் சீனி இருக்கு, நீயும் தினம் ஒண்டு போடு, இரத்தம் கட்டியாகாது" என்று சொல்லியிருக்கிறார். மாமி பாமசிக்குப் போய் 75 மி.கி. அஸ்பிரின் அட்டை வாங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாக எடுக்கத் தொடங்கிவிட்டார். கிளினிக் கொப்பியில் அது ஏறவில்லை, எனக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு, கிணற்றடியிலிருந்து வாளியோடு குசினி வரும்போதே இளைக்கிறது என்று சொன்னார். அப்போதுதான் என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

நான் அரச வைத்தியசாலை ஒன்றில் மருந்தாளராக வேலை செய்கிறேன். மருந்து கொடுக்கும் யன்னலில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு, ஊரிலோ வெளிநாட்டிலோ அஸ்பிரின் எடுக்கும் உறவினர் ஒருவர் இருப்பார். முதலில் அந்த உறவினரையும் நம்மையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாமியின் தமையனுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மாரடைப்போ, இரத்தக்கட்டியால் வந்த பாரிசவாதமோ ஏற்கெனவே கண்டவருக்கும், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவருக்கும் அஸ்பிரினால் கிடைக்கும் நன்மை தெளிவானது. இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு அவர்களில் ஒருவரும் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. இங்கே நான் பேசுவது இன்னும் ஒன்றும் வராதவரைப் பற்றி மட்டும்தான்.

அஸ்பிரின் இரத்தத்தைத் தண்ணியாக்குவதில்லை. இரத்தத்தில் தட்டுகள் என்ற நுண்ணிய துணுக்குகள் இருக்கின்றன. எங்காவது கீறல் விழுந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும். அப்படி ஒட்டுவதற்கு அவை உண்டாக்கும் ஒரு பொருளை அஸ்பிரின் தடுத்துவிடுகிறது. ஒரு தட்டின் ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். அஸ்பிரின் பட்ட தட்டு அந்த ஆயுள் முழுவதும் செயலற்றே கிடக்கும். அதனால்தான் 75 மி.கி. போன்ற சிறிய அளவே ஒரு நாளுக்குப் போதுமாகிறது, விட்ட பிறகும் அதன் விளைவு ஒரு வாரத்துக்கு மேல் நிற்கிறது. இருதயக் குழாயில் கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில் தட்டுகள் ஒட்டாமல் இருந்தால் மாரடைப்புத் தப்பும். ஆனால் வயிற்றுப்புண்ணில் கசியும் இரத்தத்தை அடைக்கவும் அதே தட்டுகள்தான் வேண்டும். போதாக்குறைக்கு, வயிற்றின் உட்தோலை அமிலத்திலிருந்து காக்கும் சுரப்பையும் அஸ்பிரின் குறைக்கிறது.

குடலில் கரையும்படி உறை போட்ட குளிசை என்றால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் சரி என்றும் நினைக்கிறார்கள். இரண்டும் வயிற்றெரிவைக் கொஞ்சம் குறைக்கலாம். இரத்தக்கசிவைக் குறைப்பதில்லை. குளிசை கரையும் இடம் எதுவானாலும் மருந்து இரத்தத்தில் கலந்த பிறகே தட்டுகளையும் வயிற்றின் காப்பையும் பாதிக்கிறது.

அப்படியானால் இவ்வளவு காலமும் ஏன் கொடுத்தார்கள் என்று கேட்பது நியாயம். 1980களில் அமெரிக்காவில் ஏறத்தாழ 22,000 ஆண் வைத்தியர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அஸ்பிரின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு நன்றாகவே குறைந்தது. அந்த முடிவு உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்தில் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டட்டின் குளிசைகள் இன்றுபோல் புழக்கத்தில் இல்லை, பிரஷரையும் இன்றளவு கட்டுப்படுத்தவில்லை. இன்று அவை இரண்டும் மாரடைப்பின் பெரும்பங்கைத் தடுத்துவிடுவதால், அஸ்பிரின் தடுப்பதற்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். இரத்தக்கசிவு மட்டும் குறையவில்லை.

மாமி போன்றவர்களுக்கு நேராகப் பதில் சொல்லும் ஆய்வு 2018இல் வெளிவந்த அசென்ட். பிரித்தானியாவில் சீனி வருத்தம் உள்ள, இருதய வருத்தம் இல்லாத 15,480 பேர் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு தினம் 100 மி.கி. அஸ்பிரின், மற்றப் பாதிக்கு வெறும் குளிசை. ஏழரை வருடமளவில் கணக்குப் பார்த்தார்கள். அதை ஆயிரம் பேர் என்று வைத்துச் சொல்கிறேன். அஸ்பிரின் எடுக்காத ஆயிரம் பேரில் 96 பேருக்கு மாரடைப்பு, பாரிசவாதம், வந்து மறையும் சிறு பாரிசவாதம் அல்லது அவ்வகைச் சாவு நேர்ந்தது. எடுத்த ஆயிரத்தில் 85. பதினொரு பேர் தப்பினார்கள். மறுபக்கம், பெரும் இரத்தக்கசிவு எடுக்காதவர்களில் 32 பேருக்கு, எடுத்தவர்களில் 41 பேருக்கு. ஒன்பது பேர் கூடுதல். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி வயிறு, குடல் பக்கத்து இரத்தக்கசிவு.

பதினொன்றும் ஒன்பதும் ஒன்றல்ல என்று சிலர் சொல்வார்கள். ஒரு மாரடைப்பும் ஒரு வயிற்றுக் கசிவும் சமமா என்றும் கேட்பார்கள். சமமில்லை. மாரடைப்பு இருதயத் தசையில் நிரந்தர வடு விடும். வயிற்றுக் கசிவில் பலர் முழுதாகச் சுகமாகிவிடுவார்கள். ஆனால் தப்பிய பதினொன்றில் வந்து மறையும் சிறு பாரிசவாதமும் சேர்ந்தே எண்ணப்பட்டிருக்கிறது. அதோடு, பெரும் இரத்தக்கசிவு என்றால் இரத்தம் ஏற்றி, தொண்டை வழியாகக் கமரா விட்டுப் பார்க்க வேண்டிய அளவு. நடு இரவில் உட்கிராமத்திலிருந்து பெரியாஸ்பத்திரி போய்ச் சேருவது என்ன பாடு என்று வன்னியில் எல்லாருக்கும் தெரியும். என்னைக் கேட்டால், மொத்தக் கணக்கில் இது கிட்டத்தட்டச் சமநிலை. தனியொருவருக்கு முள் எந்தப் பக்கம் சாயும் என்பது அவருடைய வயிறு, வயது, கூட எடுக்கும் மற்றக் குளிசைகள் ஆகியவற்றில் இருக்கிறது.

"எனக்கு ஆபத்து அதிகம், அப்ப அஸ்பிரினால நன்மையும் அதிகம்தானே" என்று நன்கு படித்த ஒரு ஆசிரியர் ஒருமுறை வாதிட்டார். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வயது, பிரஷர், சீனி, புகை என்று மாரடைப்பைக் கூட்டும் அதே காரணங்கள் இரத்தக்கசிவையும் கூட்டுகின்றன. அசென்டில் மாரடைப்பு ஆபத்துக் கூடியவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும், நன்மை தீமையைத் தெளிவாக முந்திய ஒரு கூட்டத்தைக் காண முடியவில்லை.

இனி மாமியிடம் வருவோம். அவர் கொப்பியில் இருந்தவை சீனிக்கு மெட்போமின், பிரஷருக்கு லொசார்டன் 50 மி.கி., கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டட்டின் இனத்து அட்டோவாஸ்டட்டின் 20 மி.கி. கடைசியாகப் பார்த்த பிரஷர் 156க்கு 92. கொப்பியில் இல்லாதவைதான் முக்கியம். ஒன்று, அஸ்பிரின். இரண்டு, முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோபெனாக். நாற்று நடும் காலத்திலும் அருவி வெட்டுக் காலத்திலும் காலையும் மாலையும் ஒவ்வொன்று. மூன்று, அட்டோவாஸ்டட்டினை அவர் நிறுத்தி நாலு மாதம். கால் தசை உளைகிறது என்று தானே விட்டிருக்கிறார். அதைவிட, ஐந்தாறு வருடத்துக்கு முன் வயிற்றுப்புண் என்று ஒரு மாதம் மருந்து எடுத்த கதையும் மெதுவாக வெளியே வந்தது.

இதில் என்னை உடனே பயப்படுத்தியது அஸ்பிரினும் டைக்ளோபெனாக்கும் சேர்ந்தது. இரண்டும் வயிற்றின் காப்பைக் குறைப்பவை. தனித்தனியே எடுப்பதைவிடச் சேர்த்து எடுக்கும்போது இரத்தக்கசிவு ஆபத்து நன்றாகக் கூடும். டைக்ளோபெனாக் பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் வருத்தும், மாரடைப்பு ஆபத்தையே கூட்டும். மாரடைப்பைத் தடுக்க என்று ஒரு குளிசை, அதைக் கூட்டும் இன்னொரு குளிசை, இரண்டும் ஒரே வயிற்றில். வயல் வேலை செய்யும் எங்கள் ஆட்களிடம் நான் அதிகம் காணும் சேர்க்கை இதுதான். புருஃபென் என்று கேட்டு வாங்கும் ஐபுபுரோபெனும் இதே இனம். அது அஸ்பிரின் தட்டுகளில் வேலை செய்வதையே தடுத்துவிடக் கூடியது.

மலம் எப்படிப் போகிறது என்று கேட்டபோது மாமி வெட்கப்பட்டார். பிறகு, கொஞ்ச நாளாகக் கறுப்பு என்றார். தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும் கறுப்பு என்றால் அது மேல்வயிற்றில் கசிந்த இரத்தம் செரித்து வருவது. இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவருக்கும் மலம் கறுக்கும், ஆனால் அது பெரும்பாலும் பச்சை கலந்த கறுப்பு, பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இராது. கோப்பித்தூள் போல வாந்தி வந்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ காத்திருக்கவே கூடாது, 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும். மாமிக்கு அந்த அளவு இல்லை. ஆனால் மெல்லக் கசிவது இப்படித்தான் ஏமாற்றும். நோவு இருக்காது. மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போய், ஒரு நாள் வாளி தூக்கும்போது இளைப்பாகத் தெரியும்.

அன்றே டொக்டரிடம் கூட்டிப் போனோம். ஈமோகுளோபின் 9.6. முந்தைய வருடம் 12க்கு மேல் இருந்தது. அஸ்பிரினும் டைக்ளோபெனாக்கும் அன்றோடு நின்றன. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்பிரசோலும் இரும்புச்சத்தும் தொடங்கி, உள்ளே கமரா விட்டுப் பார்க்கவும் எழுதினார்கள். பார்த்தபோது வயிற்றில் இரண்டு சிறு புண்கள் இருந்தன.

மாமிக்கு அஸ்பிரின் வேண்டாம் என்று முடிவானதும் அவர் கேட்டது, "அப்ப நெஞ்சு வருத்தம் வராமல் இருக்க ஒண்டும் இல்லையோ?" என்று. உண்மையில் அஸ்பிரினோடு ஒப்பிட வேண்டிய மற்றத் தெரிவு அங்கேதான் இருக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரோலை லீற்றருக்கு ஒரு மில்லிமோல் குறைத்தால் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஸ்டட்டின் அந்தக் குறைப்பைத் தரும், வயிற்றில் இரத்தம் கசியவைக்காது. அசென்டில் அஸ்பிரின் குறைத்தது எட்டில் ஒரு பங்களவுதான், அதற்கும் விலை இருந்தது. மாமி செய்தது நல்ல மருந்தை விட்டுவிட்டு, அவருக்குப் பொருந்தாத மருந்தைப் பிடித்தது. தசை உளைவுக்கு டொக்டர் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்து, தசையில் சேதமில்லை என்று கண்டு, 10 மி.கி.யில் மறுபடி தொடங்கினார். லொசார்டன் கூட்டப்பட்டது. இதிலும் ஒரு தொடர்பு உண்டு. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர் அஸ்பிரின் எடுத்தால் மூளையில் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும். அதனால் எப்படிப் பார்த்தாலும் பிரஷர் முதலில் இறங்க வேண்டும்.

மாமியின் வயதில் இல்லாதவர்களுக்குக் கணக்குக் கொஞ்சம் மாறும். எழுபதைத் தாண்டியவருக்கு விடை எளிது. 2018இல் வந்த அஸ்பிரீ ஆய்வில், பெரும்பாலும் 70 வயதுக்கு மேற்பட்ட 19,114 பேரை ஏறக்குறைய ஐந்து வருடம் பார்த்தார்கள். இருதய, இரத்தக்குழாய் வருத்தங்கள் அஸ்பிரின் எடுத்தவருக்கு ஆயிரத்துக்கு 47, எடுக்காதவருக்கு 49, அதாவது வித்தியாசமே இல்லை எனலாம். பெரும் இரத்தக்கசிவு ஆயிரத்துக்கு 38, எடுக்காதவருக்கு 28. ஆகவே அந்த வயதில் புதிதாகத் தொடங்கவே வேண்டாம். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2022இல் இந்த எல்லையை 60 வயதுக்கே இறக்கிவிட்டது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர், பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் ஆபத்து நூற்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேல் உள்ளவர், இரத்தக்கசிவுக்கு ஒரு காரணமும் இல்லாதவர் என்றால் மட்டும் டொக்டரோடு இருந்து பேசித் தீர்மானிக்கலாம் என்கிறது அந்தக் குழு. அந்த ஆபத்தை நிறங்களாகக் காட்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை நம் கிளினிக்குகளிலும் பாவிக்கப்படுகிறது. பச்சை, மஞ்சள் என்றால் பத்துக்குக் கீழ். உங்கள் பெட்டி எந்த நிறம் என்று கேளுங்கள், சொல்வார்கள். அந்த இடைவயதினரில்கூட, புகைக்கும் ஒருவர் அஸ்பிரின் கேட்டு வந்தால் நான் முதலில் சிகரெட் பற்றித்தான் பேசுவேன்.

எடுக்கவே கூடாதவர்களைச் சொல்லிவிடுகிறேன். முன்பு வயிற்றுப்புண்ணோ குடல் கசிவோ வந்தவர், வோபரின் போன்ற உறைவுதடுப்பு மருந்து எடுப்பவர், ஸ்டீரொயிட் அல்லது நோக்குளிசை தொடர்ந்து எடுப்பவர், தட்டு எண்ணிக்கை குறைந்தவர், ஈரல் பழுதானவர், தினமும் சாராயம் குடிப்பவர். அஸ்பிரின் பட்டால் இழுப்புக் கூடும் ஆஸ்துமாக்காரரும் சிலர் உண்டு. சிறுநீரக வருத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வவுனியாப் பக்கம் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. சிறுநீரகம் பழுதான உடலில் தட்டுகள் ஏற்கெனவே சரியாக ஒட்டுவதில்லை. அதன்மேல் அஸ்பிரின் போடுவதை அவரைப் பார்க்கும் சிறுநீரக வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

பிரித்தானிய ஆய்வில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. கார்த்திகையில் மாரி தொடங்கித் தை வரை வடக்கில் டெங்கு கூடும் காலம். டெங்கில் தட்டு எண்ணிக்கை விழும். மிஞ்சும் தட்டுகளையும் அஸ்பிரின் செயலிழக்கச் செய்திருந்தால் இரத்தக்கசிவுக்கு வழி திறந்துவிடும். காய்ச்சல் வந்த அன்றே குளிசையை விட்டாலும் அதன் விளைவு ஒரு வாரம் நிற்கும் என்று மேலே சொன்னேன். டெங்கின் மோசமான நாட்களும் அந்த வாரத்துக்குள்தான் வரும். இருதய வருத்தம் இல்லாமல் அஸ்பிரின் எடுப்பவர் காய்ச்சல் தொடங்கியதும் அதை நிறுத்தி, பனடோல் மட்டும் எடுத்து, அஸ்பிரின் எடுத்த கதையைச் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் அன்றே ஆஸ்பத்திரி போய், நிறுத்துவதா இல்லையா என்பதை அங்கே கேட்க வேண்டும். வயல் வரம்பில் புடையன் கடித்தாலும் இதே கதைதான். அதன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுப்பது. கடிபட்டவருக்கு நோவுக்கு என்று அஸ்பிரினோ டைக்ளோபெனாக்கோ கொடுக்கக் கூடாது, அவர் முன்பிருந்தே அஸ்பிரின் எடுப்பவரென்றால் ஆஸ்பத்திரியில் முதலிலேயே அதைச் சொல்ல வேண்டும்.

தினமும் எடுக்க வேண்டாம் என்று சொன்னால், வீட்டில் அஸ்பிரினே இருக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. நெஞ்சை நெரிப்பதுபோல நோவு, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்று மாரடைப்புப் போலத் தெரிந்தால், 300 மி.கி. சப்பி விழுங்குவது உயிர்காக்கும். 75 மி.கி. குளிசை என்றால் நாலு. 1988இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மாரடைப்பு வந்த உடனே கொடுத்த அஸ்பிரின் முதல் ஐந்து வாரத்துச் சாவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்தது என்று காட்டியது. முதலில் 1990க்கு அடித்து, அவர்களிடம் கேட்டுக் கொடுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கும், அண்மையில் இரத்தம் கசிந்தவருக்கும் வேண்டாம். வாய் கோணி, கை கால் விழுந்தால் கொடுக்கவே கூடாது. அது மூளையில் இரத்தம் கசிந்ததாகவும் இருக்கலாம், ஸ்கான் எடுக்கும் வரை தெரியாது.

மூன்று மாதம் கழித்து மாமியின் ஈமோகுளோபின் 11.8 ஆனது. பிரஷர் 132க்கு 80. முழங்காலுக்குப் பனடோலும் பூசும் களிம்பும். கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் அஸ்பிரின், டைக்ளோபெனாக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். பாமசியில் மருந்து வாங்கும்போதும் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

அன்று இரவு தமையன் எடுத்தபோது மாமி நடந்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னார். அவர் பயந்துபோய், "அப்ப நானும் இதை விடட்டோ?" என்று கேட்டார். மாமி தொலைபேசியை என் கையில் தந்தார். நான் சொன்னேன், "வேண்டாம் மாமா, நீங்கள் விடாதேங்கோ. உங்களுக்கு ஸ்டென்ட் இருக்கு. ஆனா முதுகு நோவுக்கு என்ன குளிசை போடுறீங்கள் எண்டு ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."